ஒரு பிரிவில் எத்தனை பேர்? தண்டு-இலைப் படத்தையும் ஹிஸ்டோகிராமையும் பார்த்து எண்ணுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டியூஷனில் வருடா வருடம் வரும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே தரவை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்: அமெரிக்க ஜனாதிபதிகள் முதல்முறை பதவியேற்றபோது அவர்களுக்கு என்ன வயது என்பது. வாஷிங்டன் முதல் பைடன் வரை 45 பேர். குரோவர் கிளீவ்லாண்டும் டிரம்பும் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தவர்கள். அவர்களுக்கும் முதல்முறை வயதை மட்டுமே எடுத்திருக்கிறேன்.

தண்டு-இலைப் படம் என்றால் என்ன, அதில் எண்ணிக்கை எங்கே இருக்கிறது?

முதலில் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

```
4 | 2 3 6 6 7 7 8 9 9
5 | 0 1 1 1 1 1 2 2 4 4 4 4 4 5 5 5 6 6 6 7 7 7 7 8
6 | 0 1 1 1 2 4 4 5 8 9
7 | 0 8

4 | 2 = 42 வயது
```

கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது தண்டு, அதாவது பத்தாம் இடத்து இலக்கம். வலப்பக்கம் இருப்பவை இலைகள், ஒன்றாம் இடத்து இலக்கங்கள். ஓர் இலை என்றால் ஓர் ஆள். முதல் வரியின் முதல் இலை 2, தண்டு 4, ஆக 42 வயது. அது தியோடர் ரூஸ்வெல்ட். பக்கத்தில் இருக்கும் 3, கென்னடி (43). கடைசி வரியில் 0 டிரம்ப் (70), 8 பைடன் (78).

எண்ணிக்கை என்று தனியாக எதுவும் எழுதியிருக்காது. இலைகளை எண்ணுவதுதான் வழி. நாற்பதுகளில் 9 பேர், ஐம்பதுகளில் 24, அறுபதுகளில் 10, எழுபதுகளில் 2. கூட்டினால் 45. இந்தக் கூட்டலை மட்டும் விட்டுவிடாதீர்கள். 24 இலை உள்ள வரியை ஒரே மூச்சில் எண்ணும்போது ஒன்று விட்டுப்போவது சகஜம், அதைக் காட்டிக்கொடுப்பது கூட்டுத்தொகை மட்டும்தான்.

படத்துக்குக் கீழே உள்ள அந்த ஒற்றை வரிக் குறிப்பையும் கவனியுங்கள். அதே `4 | 2` இன்னொரு படத்தில் 4.2 ஆக இருக்கலாம், 420 ஆகவும் இருக்கலாம்.

51 ஐந்து தடவை வருகிறது. ஒருமுறை எழுதினால் போதாதா?

போதாது. டைலர், ஆர்தர், டாஃப்ட், கூலிட்ஜ், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என ஐந்து பேர் 51 வயதில் வந்தார்கள். ஒரே ஒரு 1 போட்டால் நான்கு பேர் காணாமல் போய்விடுவார்கள். நாம் எண்ணுவது ஆட்களை, வெவ்வேறு வயதுகளை அல்ல. தேர்வில் மதிப்பெண் போவதில் பாதி இந்த இடத்தில்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இலையே இல்லாத தண்டைச் சிலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒரு பிரிவு காலியாக இருந்தால் தண்டை மட்டும் எழுதிப் பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். அந்தப் பிரிவின் எண்ணிக்கை பூஜ்யம், அதுவும் ஒரு தகவல்தான்.

பத்துப் பத்தாக இல்லாமல் ஐந்தைந்து வயதாகப் பிரித்து எண்ணச் சொன்னால்?

தண்டை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். முதல் 5-இல் 0 முதல் 4 வரையிலான இலைகள், இரண்டாம் 5-இல் 5 முதல் 9 வரை.

```
4 | 2 3
4 | 6 6 7 7 8 9 9
5 | 0 1 1 1 1 1 2 2 4 4 4 4 4
5 | 5 5 5 6 6 6 7 7 7 7 8
6 | 0 1 1 1 2 4 4
6 | 5 8 9
7 | 0
7 | 8
```

இப்போது 2, 7, 13, 11, 7, 3, 1, 1. மறுபடியும் 45. தலையைச் சாய்த்துப் படத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் குன்றும் இரண்டு பக்கமும் சரிவும் தெரியும். ஹிஸ்டோகிராமும் இதுவேதான், இலைகளை அழித்துவிட்டுப் பட்டையை மட்டும் வைத்துக்கொண்டது. இலைகளைச் சம இடைவெளியில் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். கையெழுத்தில் 1 ஒல்லியாகவும் 8 குண்டாகவும் வருவதால், வரியின் நீளத்தை நம்பி எண்ணிக்கை சொல்லக் கூடாது.

ஹிஸ்டோகிராமில் எண்ணிக்கையை எப்படி எடுப்பது?

தமிழ்நாட்டுப் பாடநூலில் நிகழ்வுச் செவ்வகம், இலங்கையில் வலையுருவரையம். பெயர் எதுவானாலும், பட்டைகள் எல்லாம் ஒரே அகலம் என்றால் வேலை சுலபம். பட்டையின் உச்சியிலிருந்து நேராக இடப்பக்க அச்சுக்குப் போய் அங்கே உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். 50–60 பட்டை 24 உயரத்தில் நின்றால் அந்தப் பிரிவில் 24 பேர்.

போவதற்கு முன் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில படங்களில் ஆட்களின் எண்ணிக்கைக்குப் பதிலாகச் சதவீதம் இருக்கும். அதே பட்டை 53.3 என்று காட்டும். மொத்தம் 45 என்று தெரிந்தால் 45-இல் 53.3 சதவீதம், அதாவது 24. மொத்தம் எங்கும் சொல்லப்படவில்லை என்றால் எத்தனை பேர் என்று சொல்ல வழியே இல்லை.

அச்சில் கோடுகள் 0, 5, 10, 15 என்று இருந்து, பட்டை 5-க்கும் 10-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறதா? எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்கும். 9.3 மாதிரி தெரிந்தால் 9 என்று எழுதிவிட்டு, எல்லாப் பட்டைகளையும் கூட்டி மொத்தத்துடன் ஒப்பிடுங்கள்.

சரியாக 50 வயது உள்ளவர் 40–50-இல் வருவாரா, 50–60-இல் வருவாரா?

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். தண்டு-இலைப் படத்தில் குழப்பமே கிடையாது. 50-க்குத் தண்டு 5, ஆகவே ஐம்பதுகள். ஹிஸ்டோகிராமிலோ 50 என்பது இரண்டு பட்டைகளுக்கு நடுவிலுள்ள சுவர். சுவரில் உட்கார்ந்திருப்பவர் யார் வீட்டைச் சேர்ந்தவர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

நம் பள்ளிக் கணக்கில் பொதுவாகக் கீழ் எல்லையைச் சேர்த்துக்கொண்டு மேல் எல்லையை விட்டுவிடுவோம். அதாவது 50–60 என்றால் 50 உள்ளே, 60 வெளியே. இன்னொரு வழக்கம் நேர்மாறு: 50 வெளியே, 60 உள்ளே.

நம் 45 பேரில் மூன்று பேர் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபில்மோர் 50, ட்ரூமன் 60, டிரம்ப் 70. முதல் வழக்கப்படி எண்ணிக்கை 9, 24, 10, 2. இரண்டாவது வழக்கத்தில் ஃபில்மோர், ட்ரூமன், டிரம்ப் மூவரும் ஒவ்வொரு வீடு கீழே இறங்குகிறார்கள். இப்போது 10, 24, 10, 1.

நடு இரண்டு எண்களைப் பாருங்கள். 24-உம் 10-உம் அசையவே இல்லை. ஐம்பதுகளிலிருந்து ஒருவர் போக, அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்துவிட்டார், அறுபதுகளிலும் அதே கதை. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் உள்ளே இருக்கும் ஆட்களும் ஒன்று என்று நினைத்துவிட முடியாது. மொத்தமும் 45-தான், ஆகவே கூட்டிப் பார்த்தும் இதைப் பிடிக்க முடியாது.

ஐந்தைந்தாகப் பிரித்தால் சுவர்கள் கூடும், சுவரில் உட்காருகிறவர்களும் கூடுவார்கள். 55 வயதில் மட்டும் மூன்று பேர். முதல் வழக்கத்தில் 50–55 பிரிவில் 13, 55–60 பிரிவில் 11. மற்றதில் 15-உம் 9-உம். முதல் படத்தில் கிட்டத்தட்டச் சமமாக நின்ற இரண்டு பட்டைகள், இரண்டாவதில் ஒன்று ஓங்கியும் ஒன்று தாழ்ந்தும் நிற்கும். தரவில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

நான் கையால் எண்ணினால் 9, 24, 10, 2. எக்செல் 10, 24, 10, 1 என்கிறது. யார் தப்பு?

இரண்டு பேரும் சரிதான், வழக்கம்தான் வேறு. எக்செலின் `FREQUENCY` நீங்கள் கொடுக்கும் எண்ணை மேல் எல்லையாக எடுத்துக்கொண்டு, அதையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். 50 கொடுத்தால் "50 வரை" என்று அர்த்தம். எக்செல் வரையும் ஹிஸ்டோகிராமும் அப்படியே. அதன் அடியில் `(50, 60]` மாதிரி எழுதியிருக்கும். வளைந்த அடைப்புப் பக்கம் உள்ள எண் வெளியே, சதுர அடைப்புப் பக்கம் உள்ள எண் உள்ளே. இந்தச் சின்னக் குறியைப் படிக்காமல் எண்ணிக்கை எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

பள்ளி வழக்கப்படி வேண்டும் என்றால், வயது முழு எண்ணாக இருக்கும்வரை 49, 59, 69, 79 என்று எல்லை கொடுத்தால் போதும். தசமம் வரும் தரவில் இந்தக் குறுக்குவழி உதவாது. அப்போது நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது:

```
=COUNTIFS(A2:A46,">=50",A2:A46,"<60")
```

இது 24 தரும், அதுவும் நாம் நினைத்த அதே 24 பேர்.

பைத்தானில் `np.histogram` பள்ளி வழக்கம்தான், கீழ் எல்லை உள்ளே. ஒரே ஒரு விதிவிலக்கு, கடைசிப் பட்டைக்கு மட்டும் இரண்டு எல்லையும் உள்ளே. எல்லைகளை 40, 50, 60, 70 என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். கடைசிப் பட்டையில் 10 வர வேண்டிய இடத்தில் 11 வரும், ஏனென்றால் 70 வயது டிரம்பும் அதற்குள் ஏறிவிடுவார். பைடன் எதிலும் இருக்கமாட்டார். ஆர் மொழியின் `hist()` எக்செல் மாதிரி மேல் எல்லையை உள்ளே வைத்துக்கொள்ளும். மாற்ற வேண்டும் என்றால் `right = FALSE` என்று சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமா?

வயதுக்கு அப்படி விட முடியாது என்பது என் கருத்து. வயதை நாம் எப்போதும் கீழ்நோக்கித்தான் சொல்கிறோம். 60 என்றால் அறுபது முடிந்து அறுபத்தொன்று ஆகாதவர். ட்ரூமன் பிறந்தது 1884 மே 8. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இறந்து அவர் பதவியேற்றது 1945 ஏப்ரல் 12. அன்றைக்கு அவருக்கு அறுபது வயதும் பதினோரு மாதமும். இன்னும் ஒரு மாதத்துக்குள் 61. மேல் எல்லையைச் சேர்க்கும் வழக்கம் இவரைத் தூக்கி 50–60 பட்டையில் போடுகிறது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொரு பக்கம் ரேகனைப் பாருங்கள். பிறந்தது 1911 பிப்ரவரி 6, பதவியேற்றது 1981 ஜனவரி 20. எழுபது ஆக 17 நாள் பாக்கி. படத்தில் அவர் `6 | 9`, அறுபதுகளின் கடைசி இலை. முழுமையாக்கி 70 என்று எழுதியிருந்தால் அடுத்த தண்டுக்குத் தாவியிருப்பார், அறுபதுகளில் 9-உம் எழுபதுகளில் 3-உம் ஆகியிருக்கும். ஆகவே, தரவில் உள்ள எண் கீழ்நோக்கி வெட்டப்பட்டதா, கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றப்பட்டதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எல்லையைப் பற்றிப் பேச முடியும். நீளம், எடை மாதிரி அளந்து எழுதுகிறவை பெரும்பாலும் கிட்டிய எண்ணுக்கு மாற்றப்பட்டவை. அங்கே 50 என்பது 49.5-லிருந்து 50.5 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் பாடநூல்கள் 49.5–59.5 என்று அரை எல்லை வைக்கின்றன. அந்த எல்லையில் எந்த மதிப்பும் உட்கார முடியாது.

பட்டைகளின் அகலம் வேறுவேறாக இருந்தால் உயரத்தையே எண்ணிக்கையாக எடுக்கலாமா?

கூடாது. வலது ஓரத்தில் ஆள் குறைவு என்பதால் 65 முதல் 80 வரை ஒரே பட்டையாகச் சேர்த்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 + 1 + 1, ஐந்து பேர். 5 உயரத்துக்கு வரைந்தால் 15 வருட அகலத்தில் பெரிய சுவர் மாதிரி நிற்கும். அங்கே நிறையப் பேர் இருப்பது போலக் கண் ஏமாறும்.

முறையாக வரைந்த படத்தில் பரப்புதான் ஆட்களின் எண்ணிக்கை. அச்சில் "ஒரு வருட அகலத்துக்கு எத்தனை பேர்" என்று இருக்கும். 50–55 பட்டையின் உயரம் 2.6, அகலம் 5, பெருக்கினால் 13. 65–80 பட்டையின் உயரம் 0.33 சொச்சம், அகலம் 15, பெருக்கினால் 5. அச்சில் 2.6, 0.33 என்று தசமங்கள் தெரிந்தாலே, உயரத்தை அப்படியே எழுதாமல் அகலத்தால் பெருக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம்.

பத்துப் பத்தாகப் பிரித்த ஹிஸ்டோகிராமை வைத்து "55-உம் அதற்கு மேலும் எத்தனை பேர்" என்று சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது, எல்லை மட்டும் போடலாம். அறுபதுகளும் எழுபதுகளும் சேர்ந்து 12 பேர், அவர்கள் நிச்சயம். ஐம்பதுகளில் உள்ள 24 பேரும் 55-க்குக் கீழே இருக்கலாம், எல்லாரும் மேலேயும் இருக்கலாம். ஆகவே பதில் 12-லிருந்து 36 வரை எதுவாகவும் இருக்கலாம். பட்டையில் பாதியை எடுத்து 12 + 12 = 24 என்று சொல்வது ஊகம். இங்கே அது நல்ல ஊகம்தான், ஆனால் பட்டைக்குள் ஆட்கள் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று நாமே நினைத்துக்கொண்டதன் விளைவு அது.

தண்டு-இலைப் படத்தில் எண்ணிவிடலாம். ஐம்பதுகளில் 5 முதல் 8 வரையிலான இலைகள் 11, அதோடு 12, மொத்தம் 23. இலைகள் வரிசையில் இருந்தால் நடுமதிப்பும் கையோடு கிடைக்கும். 45 பேரில் சரியாக நடுவில் நிற்பவர் 23-ஆம் ஆள். நாற்பதுகளில் 9 போக, ஐம்பதுகளில் 14-ஆம் இலை. விரல் வைத்து எண்ணிப் பாருங்கள், 5 வரும். நடுமதிப்பு 55.

அதற்காக எல்லாவற்றுக்கும் தண்டு-இலை போட முடியாது. நூறு பேரைத் தாண்டினால் வரி தாளை விட்டு ஓடிவிடும்.

மினிடேப் மென்பொருளில் போட்ட தண்டு-இலைப் படத்தில் இடது ஓரம் 9, (24), 12, 2 என்று இருக்கிறது. அறுபதுகளில் 10 இலைதானே இருக்கிறது?

அந்த ஓர எண்கள் வரியின் எண்ணிக்கை அல்ல. இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கிக் கூட்டிக்கொண்டே வரும் எண்கள். கடைசி வரியில் 2, அதற்கு மேல் வரியில் 2 + 10 = 12. அடைப்புக்குள் இருப்பது மட்டும் விலக்கு: நடுமதிப்பு உட்கார்ந்திருக்கும் வரி அது, அங்கே காட்டுவது அந்த வரியின் நிஜ எண்ணிக்கையை. இது தெரியாதவர் 9 + 24 + 12 + 2 என்று கூட்டினால் 47 வரும். இருப்பதே 45 பேர்தான்.

நம் பிரதமர்களுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. இடைக்காலப் பொறுப்பு வகித்த குல்சாரிலால் நந்தாவை விட்டுவிட்டால், மோடி வரை 14 பேர். முதல்முறை பதவியேற்ற வயது:

```
4 | 0 8
5 | 7 8 9
6 | 3 3 3 9
7 | 1 1 6 7
8 | 1
```

2, 3, 4, 4, 1. அந்த மூன்று 63-உம் சந்திரசேகர், தேவ கௌடா, மோடி. 81 மொரார்ஜி தேசாய். முதல் இலை, `4 | 0`, 1984-இல் பதவியேற்ற ராஜீவ் காந்தி.

இதே வயதுகளைப் பைத்தானில் பாண்டாஸ் வைத்துப் பிரிக்கச் சொன்ன மாணவர் ஒருவர் 13 பேர்தான் வருகிறார்கள் என்று வந்து நின்றார். அவர் எழுதியது இது:

```python
pd.cut(ages, [40, 50, 60, 70, 80, 90]).value_counts()
```

`cut` இயல்பாகவே மேல் எல்லையை உள்ளே வைத்துக் கீழ் எல்லையை வெளியே விடும். முதல் பிரிவு `(40, 50]`. சரியாக 40 வயதில் வந்த ராஜீவ் காந்திக்கு அதில் இடமில்லை, அதற்குக் கீழே வேறு பிரிவும் இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது, ஆள் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். `right=False` சேர்த்ததும் நாற்பதுகளில் 1 என்று இருந்தது 2 ஆனது, 14 பேரும் வந்துவிட்டார்கள்.